ரெண்டு ஊசி போட்டும் குட்டி ஏன் செத்தது?

"ஐயா, நாங்கள் தங்கச்சிமடம். அம்மா வீட்டு நாய்க்கு வருசா வருசம் ஊசி போட்டுவிடுவோம். போன தடவை அது அஞ்சு குட்டி போட்டது. கொழுகொழுவென்று இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன், கடைசியாகப் பிறந்த நோஞ்சானை அண்ணன் எடுத்துக்கொண்டார். ரெண்டுக்கும் ஒரே டாக்டரிடம் ஒரே நாளில் 42-ம் நாள் ஒரு ஊசி, 63-ம் நாள் ஒரு ஊசி. 72-ம் நாள் என் குட்டிக்கு வாந்தி, ரத்த பேதி, மூணே நாளில் போய்விட்டது. பக்கத்து வீடுதான், அதே வாசலில் கூடப் புரண்ட அண்ணன் குட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. இப்போது அக்கா 50 நாள் குட்டி ஒன்று தருகிறேன் என்கிறாள். டாக்டர் நாலு தடவை வரணும் என்கிறார். ரெண்டே காப்பாற்றவில்லை, நாலு எதுக்கு? மருந்தே போலியா?"

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. மருந்து போலியாக இருக்கவும் வாய்ப்பு குறைவு, ஏனென்றால் அதே கையால் அதே நாளில் ஊசி போட்ட அண்ணன் குட்டி பிழைத்திருக்கிறது. அதே வாசலில் புரண்டதால், உங்கள் குட்டிக்கு ரத்த பேதி வரவைத்த பார்வோ என்கிற கிருமி அதன் வாய்க்குள்ளும் போயிருக்கத்தான் வேண்டும், அப்படியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசி ஒரு குட்டிக்குப் பிடித்திருக்கிறது, இன்னொன்றுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி, அதற்கான பதில் ஊசியில் இல்லை, தாய்ப்பாலில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை எடுக்காததால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற நாள் கணக்கு அவ்வளவு தெளிவாகப் பொருந்துகிறது.

குட்டி பிறந்த முதல் நாளுக்குப் போவோம். நாய்க்குக் கருப்பையில் இருக்கும்போதே தாயிடமிருந்து குட்டிக்குப் போய்ச் சேர்கிற எதிர்ப்புச் சக்தி கொஞ்சம்தான், பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. மீதி எல்லாமே சீம்பாலில்தான் வருகிறது. மஞ்சளாக, கையில் ஒட்டுகிற மாதிரி கெட்டியாக இருக்கும் அந்த முதல் பாலில், தாய் தன் வாழ்நாளில் சந்தித்த நோய்களுக்கும் போட்டுக்கொண்ட ஊசிகளுக்கும் எதிராக அதன் உடம்பு செய்து வைத்திருக்கிற ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்புப் புரதங்கள், நிறைய இருக்கும். பிறந்த குட்டியின் குடல் முதல் சில மணி நேரம் ஓட்டை விட்ட சல்லடை மாதிரி, அந்தப் பெரிய புரதங்களைச் செரிக்காமல் முழுசாகவே ரத்தத்துக்குள் விட்டுவிடும். நேரம் ஆக ஆகச் சல்லடை அடைபடும், ஒரு நாள் முடிவதற்குள் கிட்டத்தட்ட மூடிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு பால் குடித்தாலும் வயிறு நிறையும், உடம்பு வளரும், ரத்தத்துக்குள் புதிதாக எதிர்ப்புச் சக்தி சேராது.

பிறந்த குட்டிகள் மடியில் முட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் உங்களுக்கே தெரியும். பின்னங்கால் பக்கத்துக் காம்புகளில் பால் அதிகம், பலமான குட்டி மற்றதை மிதித்துக்கொண்டு அங்கே போய்க் கவ்விக்கொள்ளும். கடைசியாக வந்த நோஞ்சான் கண் தெரியாமல் தலையை ஆட்டி ஆட்டித் தேடும், காம்பைப் பிடிக்கும், இன்னொன்று தள்ளிவிடும், மறுபடி தேடும். அது பிறந்த நேரத்துக்கே மற்றதெல்லாம் ரெண்டு மூணு தடவை குடித்து முடித்திருக்கும். ஒரே தாய், ஒரே நாள், ஒரே சாக்கு, ஆனால் ரத்தத்தில் ஏறிய எதிர்ப்புப் புரதம் ஒரு குட்டிக்கும் இன்னொரு குட்டிக்கும் பல மடங்கு வித்தியாசப்படலாம்.

இந்தத் தாய்ச்சக்தி கடன் வாங்கின பணம் மாதிரி. குட்டியின் உடம்பு அதைச் செய்யவில்லை, அதனால் புதிதாகச் சேர்க்கவும் தெரியாது, இருப்பது கரைந்துகொண்டே வரும். பார்வோ கிருமிக்கு எதிரான புரதம் ஏறக்குறைய 10 நாளைக்கு ஒரு தடவை பாதியாகும். நாய்க்கு வருகிற இன்னொரு கொடிய நோயான டிஸ்டெம்பருக்கு எதிரானது அதைவிடச் சற்று வேகமாகக் குறையும். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி என்று போவதால், எவ்வளவோடு ஆரம்பித்தது என்பதுதான் எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சரி, உங்கள் ரெண்டு குட்டிக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்வது, ஆனால் பரிசோதனைக் கூடத்தில் பார்க்கிற அளவுகளை ஒட்டியவைதான். பார்வோவிலிருந்து ஒரு குட்டியைக் காப்பாற்ற ரத்தத்தில் 80 அளவு எதிர்ப்புப் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கொழுகொழு குட்டி வயிறு முட்டச் சீம்பால் குடித்து 2560-ல் ஆரம்பித்தது. 10-ம் நாள் 1280, 20-ல் 640, 30-ல் 320, 40-ல் 160. ஆக, 42-ம் நாள் நீங்கள் முதல் ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அதன் ரத்தத்தில் தாய்ச்சக்தி இன்னும் கெட்டியாக நின்றது. 50-ம் நாள் சரியாக 80. அதுவரை அந்தக் குட்டி தெருவில் புரண்டாலும் தாய் காப்பாற்றியிருப்பாள். 60-ம் நாள் 40. இரண்டாம் ஊசி போட்ட 63-ம் நாள் சுமார் 32.

நோஞ்சான் 160-ல்தான் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ம் நாளே 80-ஐத் தொட்டுவிட்டது, 20-ல் 40, 30-ல் 20, 40-ல் 10. முதல் ஊசி போட்ட 42-ம் நாள் அதன் ரத்தம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது.

இனிமேல்தான் விஷயமே. இந்த ஊசியில் இருப்பது செத்த கிருமி இல்லை. பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் நாம் போடுவது உயிருள்ள, ஆனால் வலு குறைக்கப்பட்ட கிருமி. அது உடம்புக்குள் போய்க் கொஞ்சம் பெருக வேண்டும், அப்போதுதான் குட்டியின் உடம்பு "ஏதோ வந்திருக்கிறது" என்று விழித்துச் சொந்தமாக எதிர்ப்புப் புரதம் செய்யக் கற்றுக்கொள்ளும். ரத்தத்தில் தாயின் புரதம் இருந்தால் என்ன ஆகும்? அதற்கு இது ஊசிக் கிருமி, அது தெருக் கிருமி என்ற பேதம் கிடையாது. உள்ளே வந்ததை எல்லாம் பிடித்து ஒழித்துவிடும். ஊசி மருந்து பெருகுவதற்கு முன்பே காலி. குட்டியின் உடம்புக்கு ஒன்று வந்துபோனதே தெரியாது, அதனால் எதையும் கற்றுக்கொள்ளாது. ஊசி போட்ட தழும்பும் அட்டையில் ஒட்டின ஸ்டிக்கரும் மட்டும்தான் மிச்சம்.

இப்படி ஊசியைத் தின்பதற்கு 80 தேவையில்லை, 20, 30 இருந்தாலே போதும், சில மருந்துக்கு 10-கூடப் போதும். ஆனால் அதே 20, 30 தெருக் கிருமியைத் தடுக்கப் போதாது, ஏனென்றால் ஊசியில் தோலுக்கடியில் போவது அளவான, வலுவில்லாத கிருமி, வாசலில் நோயுற்ற நாய் போட்ட கழிச்சலில் இருப்பதோ ஒரு துளியிலேயே கோடிக்கணக்கில், அதுவும் முழு வலுவோடு.

நம் பாக் நீரிணைப் பக்கம் கடல் வற்றும்போது பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு தண்ணீர் இருக்கும்வரை வள்ளம் மிதக்கும். கணுக்காலளவுக்கு வற்றினால் வள்ளம் தரை தட்டி நின்றுவிடும், ஆனால் அந்தக் கணுக்கால் தண்ணீரில் ஒரு விதை ஊன்றிப் பாருங்கள், அலை வந்து அரித்துக்கொண்டு போய்விடும். வள்ளத்தை மிதக்கவைக்கவும் போதாது, விதை ஊன்றவும் விடாது. தாய்ச்சக்தி இறங்கி வரும்போது ஒவ்வொரு குட்டிக்கும் இப்படி ஒரு இடைப்பட்ட காலம் வந்தே தீரும். சில குட்டிக்கு ரெண்டு வாரம், சில குட்டிக்கு நாலு வாரம் கூட நீளும். உங்கள் குட்டிக்கு அது 50-ம் நாளில் ஆரம்பித்தது. 63-ல் போட்ட ஊசியை 32 அளவு தாய்ச்சக்தி தின்றுவிட்டது. பார்வோ உள்ளே போய் 3 முதல் 7 நாளில் வெளியே காட்டும், 72-ல் வாந்தி என்றால் 65-க்கும் 69-க்கும் நடுவில் எங்கேயோ தொற்றியிருக்கிறது. சரியாக அந்தக் கணுக்கால் தண்ணீரில்.

நோஞ்சானின் கதை இதற்கு நேர் எதிர். அதற்கு 42-ம் நாள் ஊசியே பிடித்துவிட்டது, ஒரு வாரத்தில் சொந்தச் சக்தி வந்துவிட்டது, 63-ல் போட்டது கூடுதல். ஆனால் அது 10-ம் நாளிலிருந்து 42-ம் நாள் வரை ஒரு பாதுகாப்பும் இல்லாமல் இருந்தது என்பதையும் கவனியுங்கள். அந்த ஒரு மாதம் அது உங்கள் அம்மா வீட்டுக் கொட்டிலை விட்டு வெளியே வராமல் இருந்தது, அங்கே நோய் இல்லை, அதனால் தப்பித்தது. அந்த நேரத்தில் கிருமி வந்திருந்தால் செத்திருப்பது நோஞ்சான், உங்கள் குட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தாய்க்கு வருசா வருசம் ஊசி போட்டது தப்போ என்று உங்களுக்குத் தோன்றலாம். இல்லை அம்மா. 1978-ல் இந்தக் கிருமி உலகத்தில் முதன்முதலாகப் பரவியபோது எந்தத் தாய் நாய்க்கும் எதிர்ப்புச் சக்தி இல்லை, அப்போது பிறந்த சில வாரக் குட்டிகள் இதயத் தசை பழுதாகிப் பால் குடிக்கும்போதே சுருண்டு விழுந்து செத்தன. இன்றைக்கு அந்த விதமான சாவை நாம் அனேகமாகப் பார்ப்பதே இல்லை. தாய் கொடுக்கிற சக்திதான் காரணம்.

உங்கள் டாக்டர் நாலு தடவை வரச் சொல்வதன் காரணம் இப்போது பிடிபட்டிருக்கும். நாலு ஊசி என்றால் ஒன்றின் மேல் ஒன்று பலம் ஏற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள், ஜனங்கள் மட்டும் இல்லை, ஊசி போடுகிற சிலரே அப்படித்தான் சொல்கிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் விஷயத்தில் அது சரியில்லை. ஒவ்வொரு ஊசியும் கதவைத் தட்டிப் பார்ப்பது. கதவு எந்த நாளில் திறக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. குட்டி கொழுத்திருக்கிறதா, எந்த ஜாதி, நாட்டு நாயா, லேப்ரடாரா, எதை வைத்தும் சொல்ல முடியாது. சில குட்டிக்கு 6 வாரத்தில், பலவற்றுக்கு 10 முதல் 12 வாரத்துக்குள், சிலவற்றுக்கு 16 வாரம் ஆகித்தான் திறக்கும். அதனால் தட்டிக்கொண்டே இருக்கிறோம், திறந்த அன்றைக்கு ஒரு தடவை உள்ளே போனால் போதும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே இது உறைக்கவில்லை. கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு மீனவர் வீட்டில் ஆறு குட்டிகள், நல்ல தாய், நல்ல பராமரிப்பு. 45-ம் நாள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு ஊசி போட்டுவிட்டு, இனிமேல் ரேபிஸ் மட்டும்தான் பாக்கி, கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றரை மாதம் கழித்து அவர் ஒரு மீன் பெட்டியில் மூன்றைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பெட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டை விலக்கினபோது வந்த அந்தப் பார்வோ நாற்றம், இரும்பும் அழுகலும் கலந்தது, இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. ரெண்டு இரவு சலைன் ஏற்றியும் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு குட்டியின் அட்டையில் நான் முதலில் பார்ப்பது எத்தனை ஊசி என்பதை இல்லை, கடைசி ஊசி எத்தனாவது வாரத்தில் என்பதைத்தான்.

நீங்களும் அதையே பாருங்கள். 6, 8, 10 வாரங்களில் மூன்று ஊசி போட்டு முடித்த குட்டியைவிட, 12, 16 வாரங்களில் ரெண்டே ரெண்டு போட்ட குட்டிக்குப் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். சில மருந்துப் பெட்டிகளில் 10 அல்லது 12 வாரத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று போட்டிருப்பார்கள், புது மருந்துகள் தாய்ச்சக்தியைக் கொஞ்சம் முன்கூட்டியே ஊடுருவும் என்பது உண்மைதான், ஆனாலும் எல்லாக் குட்டிக்கும் இல்லை. உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை என்றுதான் சொல்கிறது. இங்கே நம் கரையில் தெருநாய் அதிகம், மீன் இறக்குகிற இடத்திலும் கருவாடு காய்கிற மணலிலும் எல்லா நாயும் கூடுகிற ஊர், அதனால் 3 வார இடைவெளியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 4 வாரத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் கதவு திறந்த பிறகும் பல நாள் பாதுகாப்பில்லாமல் நிற்கும். அதற்காக ஒரு வாரத்துக்கு ஒன்று போட்டுவிடலாமே என்றால் அதுவும் வேலைக்கு ஆகாது, ரெண்டு வாரத்துக்குள் அடுத்ததைப் போட்டால் முந்தினது கிளப்பிவிட்ட உடம்பின் எதிர்ப்பே அடுத்ததைக் கெடுத்துவிடும்.

அப்படியென்றால் பேசாமல் 16 வாரம் கழித்து ஒரே ஊசியாகப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அந்த வயதில் பார்வோவுக்கு ஒன்றே பெரும்பாலும் பிடித்துவிடும் என்பது சரிதான். ஆனால் நோஞ்சான் மாதிரிக் குட்டிகள் அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே.

உங்கள் அக்கா தரும் குட்டிக்கு இப்போது 50 நாள். இன்னும் மூணு நாளில், 53-ம் நாள் ஒன்று, 74-ம் நாள் ஒன்று, 95-ம் நாள் ஒன்று, 116-ம் நாள் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 வாரம் என்பது 112 நாள், அதனால் கடைசியை நாலு நாள் தள்ளி வைத்திருக்கிறேன், அதை ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று முன்னால் இழுத்துவிடாதீர்கள். பின்னால் ரெண்டு மூணு நாள் போனால் பரவாயில்லை. ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்குப் பிறகுதான், 95-ம் நாள் மூன்றாவதோடு சேர்த்துப் போடலாம், நம் ஊர் மாதிரி நாய்க்கடி அதிகமுள்ள இடத்தில் 116-ம் நாள் அதற்கும் இன்னொன்று, அப்புறம் வருசம் ஒன்று. எலிக்காய்ச்சலுக்கான மருந்து செவன் இன் ஒன் மாதிரி ஊசிகளில் சேர்ந்தே வரும். அது செத்த கிருமி, அதற்கு 3, 4 வார இடைவெளியில் ரெண்டு ஊசி வேண்டும், முதலாவது உடம்பை எழுப்பும், இரண்டாவது பலப்படுத்தும். பலம் ஏற்றுவது என்கிற பேச்சு அங்கேதான் பொருந்தும். கடைசியாக, 6 மாதம் முடிகிறபோது பார்வோ, டிஸ்டெம்பருக்கு இன்னொரு ஊசி. 16 வாரத்திலும் கதவு திறக்காத குட்டி அபூர்வமாக இருக்கும், அதற்காகத்தான் இது. முன்பெல்லாம் ஒரு வயதில் போடுவோம், இப்போது 26 வாரத்திலேயே போட்டுவிடச் சொல்கிறார்கள், ஒரு குட்டி தேவையில்லாமல் ஆறு மாதம் ஆபத்தில் இருப்பானேன் என்பதால்.

ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் குட்டி சாப்பிடுகிறதா, காய்ச்சல் இல்லையா என்று பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லாத குட்டிக்கு ரெண்டு நாள் தள்ளிப் போடலாம். மருந்துச் சீசாவின் அடியில் காய்ந்த சின்ன வில்லை மாதிரி இருக்கும், அதில் கூடவே தருகிற தண்ணீரைக் கலந்தால் கரைந்துவிடும், கலந்த உடனே போட வேண்டும், அரை மணிக்கு மேல் வைக்கக் கூடாது. குட்டி சின்னதாக இருக்கிறதே என்று பாதி மருந்து போடுவார்கள் சிலர், அது கூடவே கூடாது, சிப்பிப்பாறைக் குட்டிக்கும் பொமரேனியன் குட்டிக்கும் அதே முழுச் சீசாதான். அப்புறம் குளிர்ச்சி. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள்ளேயே இருக்க வேண்டும். புயல் சமயத்தில் நம் தீவில் கரண்ட் போய் எத்தனை மணி நேரம் கழித்து வரும் என்பது உங்களுக்குத் தெரியும். மருந்துக்கடையில் வாங்கிப் பாலிதீன் பையில் போட்டு வெயிலில் பாம்பன் பாலம் தாண்டி எடுத்து வந்தால் உள்ளே இருக்கிற கிருமி செத்துப்போகும், செத்த கிருமி பெருகாது, ஊசி வீண். நீங்கள் டாக்டரிடமே போட்டதால் அதை நான் சந்தேகப்படவில்லை, ஆனால் அக்கா ஊரில் யாரோ வீட்டுக்கு வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால் ஐஸ் பெட்டி இருந்ததா என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. பார்வோவில் குட்டி செத்த வீட்டு வாசலில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருசம் கூட. முடிந்தால் புதுக்குட்டியைக் கடைசி ஊசி போட்டு ரெண்டு வாரம் ஆகும்வரை அக்கா வீட்டிலேயே விட்டு வையுங்கள், ஏறக்குறைய இரண்டரை மாதம். முடியாதென்றால் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். சிமெண்ட் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விட வேண்டும். அழுக்கு இருந்தால் அந்த மருந்து வேலை செய்யாது, அதனால்தான் முதலில் சோப்பு. பினாயிலுக்கு பார்வோ அசையாது. செத்த குட்டியின் தட்டு, சாக்கு, கயிறு எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். மணல் வாசலை எந்த மருந்தாலும் சுத்தம் செய்ய முடியாது, மேல் மண்ணைச் சுரண்டிப் போட்டுவிட்டு வெயில் படுகிற மாதிரி விடுவதுதான் வழி. குட்டியை வெளியே காட்டவே கூடாது என்று அர்த்தமில்லை, கையில் தூக்கிக்கொண்டு கடலையும் ஆட்களையும் வண்டிச் சத்தத்தையும் பார்க்கவையுங்கள், தரையில் மட்டும் விடாதீர்கள். நீங்களும் மீன் இறங்குகிற இடத்துக்குப் போட்டுப் போன செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்த குட்டி 16 வாரத்துக்குள் ஒரு வேளை சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலே, ரத்தம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். எத்தனை ஊசி போட்டிருந்தாலும் சரி. பார்வோவில் குட்டியைக் கொல்வது பெரும்பாலும் உடம்பிலிருந்து வற்றிப்போகிற தண்ணீரும், கிழிந்த குடல் வழியாக ரத்தத்துக்குள் போகிற வேறு கிருமிகளும்தான், முதல் நாளே சலைன் ஏறினால் நிறையக் குட்டிகள் பிழைக்கின்றன. வாந்தி எடுக்கிற குட்டிக்கு வீட்டில் மாதுளைத்தோல், மோர் என்று ஊற்றி ஒரு நாளைக் கழித்துவிடாதீர்கள்.

அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் குட்டி 63-ம் நாளோடு நிறுத்திவிட்டது, நன்றாக இருக்கிறது என்பதால் இனி வேண்டாம் என்று நினைத்திருப்பார். நான் மேலே சொன்னது நாள் கணக்கை வைத்துச் செய்த ஊகம்தான். அந்த ரெண்டு ஊசியில் எதுவும் பிடிக்காமல், வெறும் அதிர்ஷ்டத்தில் கிருமி அளவு குறைவாகப் போய்த் தப்பித்திருக்கவும் இடமுண்டு. 116-ம் நாள் தாண்டியிருந்தாலும் பரவாயில்லை, இந்த வாரமே ஒன்றும் ரேபிஸும் போட்டுவிடச் சொல்லுங்கள்.